சிறுகதை: பதினேழாம் கட்டில் (படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்)

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்ப எழுதிய கதை இது. களம் கடலூர், ஊர்ப்பெயர் தவிர மற்றதெல்லாம் கற்பனை. எனக்கு இரண்டு சந்தேகம். வார்டு நம்பும்படி இருக்கிறதா? பாட்டு விஷயம் நம்பும்படி இருக்கிறதா? தயவுசெய்து "அருமை" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

---

ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். பதினேழாம் கட்டிலில் இருந்து கம்பி அடிபடும் சத்தம் வந்தது. எஸ்தர் கலக்கிக்கொண்டிருந்த ஊசி மருந்தை ட்ரேயில் வைத்து மூடிவிட்டு ஓடினாள்.

சிவக்கொழுந்து பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் ஆகி இது இரண்டாம் இரவு. சாயங்காலம் மூக்கு ட்யூபைப் பிடுங்கப் பார்த்தார் என்று இரண்டு மணிக்கட்டையும் ரோலர் காஸால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வராந்தாவில் பாயில் சுருண்டிருந்த மகன் எழுந்து வந்து "அப்பா, நான்தாம்பா" என்றான். "நீ யாருடா?" என்றார். அவன் முகம் செத்துப்போய் ஓரமாய் நின்றான்.

"எம்மா, கட்டிப்புட்டானுங்கம்மா. கல்லோட கட்டிப்புட்டானுங்க. தூக்கிப் போடப்போறானுங்க."

"யாரும் போட மாட்டாங்க தாத்தா. இது ஆஸ்பத்திரி."

"கடல் சத்தம் கேக்குதே, உனுக்குக் கேக்கல?"

பக்கத்துக் கட்டிலில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டிலில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நாளாக அவர் தலைமாட்டிலேயே அந்தச் சத்தம். எஸ்தருக்கு அது காதிலேயே விழுவதில்லை.

பேசப் பேச அவர் கத்தல் கூடியது. மற்ற கட்டில்களில் போர்வைகள் அசைந்தன. எஸ்தர் பேச்சை நிறுத்தினாள். கட்டில் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையை அவர் தோளில் வைத்தாள். அவளை அறியாமலே வாய்மூடியபடி முனக ஆரம்பித்தாள். கேஸ் ஷீட் எழுதும்போது எப்போதும் முனகுவதுதான். முதுநகர்க் கோயிலில் சாயங்கால ஆராதனை முடியும்போது பாடுகிற 'என்னோடிரும்' ஞானப்பாட்டு. அவள் அம்மா அதை அடுப்படியில் பாடுவாள்.

முதல் வரி முடிவதற்குள் கம்பிச் சத்தம் நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கட்டியிருந்த கையின் சுட்டுவிரல் மெத்தையில் தட்டியது.

"அதிகையா?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. தொடர்ந்து முனகினாள். அவர் உதடு அசைந்தது. ஏதோ சொல் வந்தது, 'கூற்றாயின' என்பது போல. பிறகு அதுவும் ஓய்ந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

காலையில் மகன் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "சிஸ்டர், அப்பா நல்லாப் பேசுறாரு. ராத்திரி வீரட்டானேசுவரர் கோயில் ஓதுவார் வந்து பாடிட்டுப் போனாராம். யாரை உள்ள விட்டீங்க?"

எஸ்தர் கேஸ் ஷீட்டில் எழுதினாள்: இரண்டு மணிக்கு மேல் நோயாளி தூங்கினார்.

---

சில்வர் பீச் எழுதியது:

படித்து முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் சார். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதை நம்ம ஊர்க் கதைதானே. அவர் மிதந்து வந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்பார்கள், கரையேறவிட்ட குப்பம் என்று இன்றைக்கும் இடம் இருக்கிறது. கடலில் மிதக்கும்போது அவர் பாடிய 'கூற்றாயினவாறு' பதிகத்தையே கிழவர் வாயில் வைத்தீர்களே, அங்கேதான் நிற்கிறது கதை.

---

திருமுறை நேசன் எழுதியது:

சில்வர் பீச், ஊர் சரி, பதிகம் மாறிவிட்டது. கடலில் பாடியது 'சொற்றுணை வேதியன்', நமச்சிவாயப் பதிகம். 'கூற்றாயினவாறு' அதற்கு முந்தியது. சமணத்தில் இருந்த அப்பருக்குச் சூலை நோய் வந்து, வயிற்று வலி பொறுக்க முடியாமல் அக்கா திலகவதியாரிடம் வந்து, திருவதிகை வீரட்டானத்தில் நின்று பாடியது. குடரோடு துடக்கி முடக்கியிட என்று வயிற்று வலியைத்தான் முதல் பாட்டிலேயே சொல்கிறார். குடல் ஆபரேஷன் ஆன, பண்ருட்டிப் பக்கத்து மனுஷன் வாயில் இந்தப் பதிகம் வருவதுதான் பொருத்தம். ஆசிரியர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. ஞானப்பாட்டை அவர் தேவாரம் என்று கேட்பாரா? அவகாசம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

தம்பி, கதை நல்லா வந்திருக்கு. ஆனால் நான் ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் நைட் பார்த்தே வயசானவள். எனக்கு இந்தக் கதையில் எஸ்தர் மேல் ஒரே ஒரு கோபம். அவள் யூரின் பையைப் பார்க்கவில்லை.

குடல் ஆபரேஷன் ஆன வயசானவர் என்றால் மூக்கு ட்யூப், டிரிப், யூரின் ட்யூப் மூன்றும் இருக்கும். இரண்டாம் ராத்திரி, மூன்றாம் ராத்திரி மாத்தி மாத்திப் பேசுவார். பகலில் நல்லா இருப்பார், பேரன் பேர்கூடச் சொல்வார். விளக்கை அணைத்தால் ஆரம்பித்துவிடும். டெலிரியம் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். ஆக்ஸிஜன் பாட்டில் சத்தம் கடலாகக் கேட்பது, காஸ் கட்டு கல்லாகத் தெரிவது எல்லாம் அச்சு அசல் அப்படியேதான். இருக்கிற சத்தத்தைத்தான் வேறாகக் கேட்பார்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைப் பார்த்து "யாரோ முறைக்கிறான்" என்று ஒருவர் ராத்திரி முழுக்க என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்.

ஆனால் பயம் மட்டும்தான் என்று ஒருநாளும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாயங்காலம் வரை சும்மா இருந்தவர் திடீரென்று துள்ளினால், உடம்பு ஏதோ சொல்கிறது, வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கணும். காய்ச்சலா, சர்க்கரை இறங்கிவிட்டதா, வலி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பார்க்கணும். அப்புறம் பை. பத்து மணிக்கு அளந்து கொட்டிய பை ஒன்றே முக்காலுக்கும் காலியாக இருந்தால் இரண்டே காரணம். ஒன்று, ட்யூப் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருக்கும். இல்லையென்றால் யூரினே வரவில்லை. தொப்புளுக்குக் கீழே கையை வைத்தாலே தெரியும். கல்லு மாதிரி இருந்தால் ட்யூப் மடங்கல். தொட்டதுமே மனுஷன் அலறுவார். மெத்தென்று இருந்து பையும் காலி என்றால் அது வேறு சங்கதி, உடனே டூட்டி டாக்டரை எழுப்பணும். டிரிப் ஓடுகிறவருக்கு மணிக்கு முப்பது மில்லியாவது இறங்க வேண்டாமா?

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். கல்லைக் கட்டியிருக்கு என்று கத்துகிறாரே, அந்தக் கல் அடிவயிற்றில் இருந்தால்? எஸ்தர் முனகியதும் அவர் தூங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் எந்தப் பாட்டுக்கும் பத்து நிமிஷம்தான். மறுபடி எழுந்துவிடுவார், முன்னைவிட மோசமாக.

பாட்டு வேலைக்கு ஆகாது என்று சொல்லவில்லை. ஆகும், நானே பண்ணியிருக்கிறேன். ஏன் ஆகும் என்றால், அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, சொல்ல முடியாததே பயத்தைக் கூட்டும். முனகலுக்குப் பதில் தேவையில்லை. இன்னொன்று, வயசான காதுக்கு மேல்ஸ்தாயிதான் முதலில் போகும். ச, த, க எழுத்தெல்லாம் மழுங்கிக் கேட்கும். அதனால்தான் நாம் பேசுவது அவர்களுக்குக் கசகச என்று விழுகிறது, நாம் கத்துகிறோம், அவர்கள் நம்மைத் திட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். நெஞ்சுக்குள்ளிருந்து தாழ்வாக முனகினால் அது போய்ச் சேரும். அதுவும் கையைத் தோளில் வைத்துக்கொண்டு, நன்றாகச் செய்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று. கடைசியில் "தூங்கினார்" என்று எழுதிவிட்டாளே, தூக்கம்தான் என்று எப்படித் தெரியும்? கத்தியவர் அமைதியானால் ஓடிப்போய்ப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். மூச்சை எண்ணணும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பார்க்கணும். கத்துகிற நோயாளியைவிட ஓசைப்படாமல் படுத்திருக்கும் நோயாளிதான் நம்மை ஏமாற்றுவார்.

---

மருந்தாளுநன் எழுதியது:

இவ்வளவு எதற்கு? ஒரு டயஸிபாம் போட்டால் காலை வரை தூங்கியிருப்பார். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எத்தனை சீட்டு வந்திருக்கிறது. கதையில் வேண்டுமானால் பாட்டுப் பாடலாம், நிஜத்தில் மற்ற முப்பது நோயாளிகளுக்கும் தூக்கம் வேண்டாமா?

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

மற்ற முப்பது பேர் பற்றிச் சொன்னது நியாயம். மருந்து தப்பு. வயசானவருக்கு இந்த நிலையில் டயஸிபாம் போட்டால் அன்றைக்கு அடங்குவார், மறுநாள் குழப்பம் இரட்டிப்பாகும், மூச்சும் மந்தமாகலாம். ட்யூபைப் பிடுங்கி, கட்டிலை விட்டுக் குதித்து, தனக்கே கேடு செய்துகொள்ளும் நிலை என்றால் டாக்டர் ஹாலோபெரிடால் சின்ன டோஸில் எழுதுவார். அதுவும் காரணத்தைத் தேடிப் பார்த்த பிறகு. நாங்களாகப் போடுவதில்லை. டயஸிபாம் வகை மருந்தே சரியான மருந்தாகிற கேஸ் ஒன்று இருக்கிறது, அது குடி.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

கடைசி வார்த்தை படித்ததும் கை நின்றுவிட்டது அக்கா. எங்க அப்பா கேஸ் அதுதான். இது பாண்டிச்சேரி, சொல்லவா வேண்டும். இடுப்பு எலும்பு உடைந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் ராத்திரி கை நடுங்க ஆரம்பித்தது, வேர்த்து ஊற்றியது. பெட்ஷீட்டில் எறும்பு ஊர்கிறது என்று பொறுக்கிக்கொண்டே இருந்தார். அங்கே இருந்த சிஸ்டர் ஒருவர், எங்களைப் போலவே கத்தோலிக்கர், அப்பா நெற்றியில் சிலுவை போட்டு மெதுவாக மாதா பாட்டு பாடிப் பார்த்தார். அப்பா ஒவ்வொரு வருஷமும் வில்லியனூர் மாதா தேருக்குப் போகிறவர்தான். ஒன்றும் நடக்கவில்லை. எறும்பைப் பொறுக்குவதை நிறுத்தவே இல்லை.

டூட்டி டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பக் குடிச்சாரு?" சேர்க்கும்போது "குடிப்பழக்கம் உண்டா" என்று கேட்டதற்கு அம்மா இல்லை என்று சொல்லியிருந்தார். எல்லார் எதிரிலும் எப்படிச் சொல்வது என்று. தினமும் குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் மேல். உண்மையைச் சொன்னதும் ஊசி போட்டார்கள், பி ஒன்று வைட்டமினும் டிரிப்பில் போனது. இரண்டு நாளில் தெளிந்தார்.

அதனால் இந்தக் கதை படிக்கும்போது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பாட்டுக்கு அடங்கியிருந்தால் எங்க அப்பா அடங்கியிருக்க வேண்டும்.

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

தம்பி, உங்க அப்பாவுக்கு வந்தது வேறு, சிவக்கொழுந்துக்கு வந்தது வேறு. நடுக்கம், வியர்வை, எகிறும் நாடி, நிறுத்தின இரண்டாம் மூன்றாம் நாள், இது எல்லாம் சேர்ந்தால் குடி விட்டதால் வருவது. மருந்து இல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து, பாட்டுப் பாடி நேரத்தைக் கடத்தக் கூடாது. அந்த டாக்டர் சரியாகப் பிடித்தார். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அடுத்த வாரம் அப்பாவையோ சித்தப்பாவையோ சேர்க்கப் போனால், குடியைப் பற்றி மட்டும் மறைக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் போதும்.

---

விருத்தாசலம் வாசு எழுதியது:

நல்ல தகவல்கள். என் மாமனாருக்கு அடுத்த வாரம் ஹெர்னியா ஆபரேஷன். ராத்திரி ஆண்கள் வார்டில் என் மனைவி துணைக்குத் தங்கலாமா? பக்திப் பாட்டு போனில் போட்டுவிட்டால் போதுமா?

---

கெடிலக்கரை எழுதியது:

வாசு சார், இது சிறுகதை இழை. 🙂 ஆனால் பரவாயில்லை, பழைய ஸ்டாஃப் அக்கா இருக்கிறார்.

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

வாசு சார், ஆண்கள் வார்டில் ராத்திரித் துணைக்குப் பெரும்பாலும் ஆண்களைத்தான் விடுவார்கள். சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டைவிட முக்கியம், அவர் மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அது, பல்செட், மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார்கள், இங்கே மனுஷன் கண்ணும் காதும் இல்லாமல் இருட்டில் கிடப்பார். போனை விடிய விடிய ஓடவிட வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரர் உங்கள் மேல் புகார் எழுதுவார்.

---

கருடன் வழி எழுதியது:

ஒரு கேள்வி. இந்து நோயாளி, நினைவு தெளிவில்லாத நேரம், அவர் காதில் கிறிஸ்தவப் பாட்டு. இதை உருக்கமாக எழுதுவது சரியா? மாற்றிப் போட்டு யோசியுங்கள், ஒத்துக்கொள்வீர்களா?

---

முத்தியால்பேட்டை எழுதியது:

மாற்றியும் யோசித்தேன் சார். எங்க அப்பா பக்கத்தில் ஒரு சிஸ்டர் முருகன் பாட்டு முனகியிருந்தால் நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அந்த ராத்திரியில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

கருடன் சார் கேட்டதில் தப்பில்லை. வார்த்தையோடு பாடியிருந்தால் நானும் யோசிப்பேன், சூப்பரின்டெண்ட்டும் கூப்பிட்டுக் கேட்பார். வாய் மூடி முனகினாள், வார்த்தை அவருடையது. அதைக் கதாசிரியர் கவனமாகச் செய்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் சைவக் குடும்பம், எனக்கு வாயில் வருவது ஒரு பழைய தாலாட்டு மெட்டு. யாரும் என்னைக் கேட்டதில்லை.

---

கருடன் வழி எழுதியது:

நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை, அது இருக்கட்டும்.

---

திருமுறை நேசன் எழுதியது:

சொன்னபடி வந்துவிட்டேன். அந்த ஞானப்பாட்டை ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'Abide with me'. ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் 1847இல் எழுதியது, இப்போது பாடும் மெட்டை வில்லியம் ஹென்றி மங்க் 1861இல் போட்டார். அப்பரின் பதிகத்துக்குப் பண் கொல்லி. ஓதுவார்கள் இன்று அதை நவரோஜில் பாடுகிறார்கள்.

முதலில் ஆசிரியருக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். நவரோஜ் சங்கராபரணத்தின் பிள்ளை. ஞானப்பாட்டும் மேஜர் ஸ்கேல், அதாவது சங்கராபரணத்து ஸ்வரங்கள். இரண்டும் நிதானமாக நடப்பவை. நவரோஜில் தாலாட்டுகளும் பாடுவார்கள். ஞானப்பாட்டு மெட்டு மொத்தமும் ஷட்ஜத்திலிருந்து தைவதம் வரை ஆறு ஸ்வரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு நர்ஸ் நடுச்சாமத்தில் தாழ்வாக முனகக்கூடிய மெட்டுதான். சின்ன வயசிலிருந்து அதிகைக் கோயிலில் ஓதுவார் குரலைக் கேட்டு வளர்ந்தவர், பாதி மயக்கத்தில் முதல் வரியைக் கேட்டு ஏமாறலாம்.

பாதகம் இரண்டு. நவரோஜ் பஞ்சமத்தைத் தாண்டி மேலே போகாது, கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரைதான் அதன் வீடு. ஞானப்பாட்டு தைவதத்தைத் தொடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, இரண்டாம் வரி முடியும் இடத்தில் ஒரு பிரதி மத்யமம் வருகிறது. அந்த இடத்தில் கேள்வி ஞானம் உள்ள எந்தச் சைவக் கிழவரும் முழித்துக்கொள்வார். "ஓதுவார் ஏன் இப்படிப் பாடுகிறார்" என்று.

கமகத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. எஸ்தர் ஸ்வரத்தை நேராக நிறுத்துவாள், ஓதுவார் அசைத்துப் பிடிப்பார்.

---

சில்வர் பீச் எழுதியது:

'சொற்றுணை வேதியன்' என்று மாற்றினால் கல், கடல் எல்லாம் ஒட்டுமே சார்?

---

திருமுறை நேசன் எழுதியது:

ஒட்டாது. அதன் பண் காந்தார பஞ்சமம், கேதாரகௌளையில் பாடுவது. அதில் நிஷாதமே வேறு. ஞானப்பாட்டோடு இன்னும் தூரம் போய்விடும். கல்லைப் பயத்துக்கும், அதிகைப் பதிகத்தை வலிக்கும் என்று ஆசிரியர் பிரித்து வைத்திருப்பதே நல்லது.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னதையும் திருமுறை நேசன் ஐயா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. பாட்டு இரண்டாம் வரி முடிவுக்குப் போகவே வேண்டாம். அங்கே எஸ்தர் பையைப் பார்த்துவிடுகிறாள். நடுப்பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

*முதல் வரி முடிவதற்குள் கம்பிச் சத்தம் நின்றது. "அதிகையா?" என்றார். அவள் இரண்டாம் வரிக்குப் போனாள். தோளில் இருந்த கையை எடுத்துப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது கட்டிலடியில் தொங்கிய பை கண்ணில் பட்டது. பத்து மணிக்குக் கொட்டியது. அடியில் ஒரு ஸ்பூன் அளவுகூட இல்லை.*

*பாட்டு பாதியில் நின்றது. நின்றதும் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "ஏம்மா நிறுத்திட்ட?"*

*எஸ்தர் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். முனகிக்கொண்டே உள்ளங்கையை அவர் தொப்புளுக்குக் கீழே, கட்டுக்குப் படாமல் வைத்தாள். கெட்டியாக, உருண்டையாக இருந்தது. அவர் முகம் சுருங்கியது. மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவன் வந்து அப்பாவின் இடுப்பைத் தூக்கிப் பிடித்தான். தொடைக்கு அடியில் ட்யூப் இரண்டாக மடிந்து கிடந்தது. எடுத்து நேராக்கி, தொடையின் மேல்பக்கம் பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள். பையில் சளசளவென்று இறங்கும் சத்தம் கேட்டது. முதல் வரியை மூன்று தடவை முனகியிருப்பாள். அரை லிட்டருக்கு மேல் வந்துவிட்டது.*

*"கல்ல எடுத்துட்டானுங்க" என்றார்.*

*இடது கைக் கட்டை அவிழ்த்து அந்தக் கையை மகன் கையில் கொடுத்தாள். "மூக்குகிட்டப் போனா மட்டும் புடிச்சிக்கோங்க. நான் மூச்சை எண்ணிட்டு வர்றேன்."*

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

இப்போது அவள் ஸ்டாஃப். 'கல்ல எடுத்துட்டானுங்க' என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன், அப்படித்தான் சொல்வார்கள். கட்டை அவிழ்த்ததும் சரி. கட்டினால் இன்னும் துள்ளுவார்கள், கை வீங்கும், நிறைய நாள் நானும் வேறு வழியில்லாமல் கட்டியிருக்கிறேன். மகனைப் பாயில் தூங்கவிடாமல் கட்டில் பக்கத்தில் உட்காரவைப்பது கட்டுவதைவிட மேல்.

இரண்டு கைக் கட்டையும் அவிழ்க்கச் சொல்லுங்களேன்?

---

கெடிலக்கரை எழுதியது:

டிரிப் ஓடும் கை அக்கா, வலது. மகனும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான், ட்யூபும் டிரிப்பும் இரண்டையும் அவன் பார்த்துக்கொள்வானா என்று எஸ்தருக்குச் சந்தேகம். வார்டில் அவள் ஒருத்திதான்.

---

பழைய ஸ்டாஃப் எழுதியது:

நானாக இருந்தால் டிரிப் கையைச் சுற்றிப் பேண்டேஜ் போட்டு மறைத்துவிட்டு அதையும் அவிழ்த்திருப்பேன். கண்ணுக்குத் தெரியாததைப் பிடுங்க மாட்டார்கள். ஆனால் அது உங்கள் எஸ்தர். மூன்றாம் ராத்திரியும் இவர் கத்துவார், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரே ராத்திரியில் இது விடாது.

---

திருமுறை நேசன் எழுதியது:

பிரதி மத்யமத்தை அழகாகத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் முதல் வரியை மூன்று தடவை முனகவைத்துவிட்டீர்களே, தைவதம் இருப்பது அந்த முதல் வரியில்தான். ஐந்தாவது ஸ்வரம் பஞ்சமம், அடுத்தது தைவதம். மூன்று தடவையும் அவர் காதில் விழுந்திருக்கும்.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

ஐயா, மூத்திரப்பை நிறைந்து கிடக்கிறவருக்குத் தைவதமா கேட்கும்?

---

திருமுறை நேசன் எழுதியது:

மூன்றாவது தடவை பை காலியாகிவிட்டதே தம்பி.

---

கெடிலக்கரை எழுதியது:

அப்போ மூன்றாவது தடவை அவர் கேட்கட்டும். காலையில் மகனிடம் "ஓதுவார் நல்லாத்தான் பாடினாரு, ஒரு எடத்துல மட்டும் என்னவோ பண்ணிட்டாரு" என்று சொல்லவைத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். அதற்குள் வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.